"அடைப்பைச் சரிசெய்யவும்": கொப்பரை எக்ஸ்பெல்லர் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிய கதை

பின்னணி

காரைக்குடியில் எண்ணெய் மில் சாமான்கள் விற்கும் ஒருவர் ஒரு புரட்டாசி மாதம் என்னிடம் பதினொரு பக்க ஆங்கிலக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். எண்ணெய் பிழியும் மிஷினான எக்ஸ்பெல்லரோடு கம்பெனி அனுப்பும் குறிப்பு அது. கொப்பரையைக் காய வைப்பதிலிருந்து எண்ணெயை வடிகட்டுவது வரை எல்லாம் அதில் இருந்தது. சுற்றுவட்டத்தில் மூன்று சின்ன மில்களுக்கு 6 போல்ட் மிஷின் கொடுத்திருந்தார். மூன்று பேருமே கடலையும் எள்ளும் ஆட்டிப் பழகியவர்கள், தேங்காய்க்குப் புதிது. பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கமிருந்து காய் வரும். மழைக்காலத்தில் காங்கேயத்திலிருந்து காய்ந்த கொப்பரையாகவே வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

"இங்கிலீஷ்ல கொடுத்தா மடிச்சு கல்லாப்பெட்டியில வச்சிடுறாங்க. போன் மேல போன் வருது. தமிழ்ல அடிச்சுக் கொடுங்க" என்றார் வியாபாரி. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: கம்பெனி சொன்னதை மட்டும் எழுத வேண்டும், சொந்தச் சரக்கு வேண்டாம். மிஷினுக்கு வாரண்டி இருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நியாயம்தான். ஒப்புக்கொண்டேன்.

நான் பத்து வருடமாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம், பம்புசெட் கையேடு எல்லாம் செய்திருக்கிறேன். எண்ணெய் மில்லுக்குள் நின்று பார்த்ததில்லை. இந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் புரிந்துகொள்வது சுலபம்.

முதல் தமிழாக்கம்

நான்கு நாளில் முடித்துக் கொடுத்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. வார்ம் என்று ஆங்கிலத்தில் சொல்லும் திருகுத் துண்டைப் 'புழு' என்று எழுதும் அளவுக்கு நான் போகவில்லை. கேக் என்றிருந்த இடத்தில் புண்ணாக்கு என்றும், அடியில் தங்குவதை மண்டி என்றும் சரியாகவே போட்டேன். அந்தத் திருப்தியில் மற்ற சொற்களைப் பற்றிச் சந்தேகப்படவில்லை.

பின்னால் தொல்லை கொடுத்தவை நான்கு இடங்கள். பச்சைத் தேங்காயின் சதையைப் 'பருப்பு' என்று எழுதியிருந்தேன். உலர்த்தும் பகுதியில் கேஸ் ஹார்டனிங் என்று வந்ததை 'மேற்பரப்பு கடினமாதலைத் தவிர்க்கவும்' என்று ஆக்கினேன். கொப்பரைத் துண்டுகளைச் சூடேற்றும் கெட்டில் பற்றிய பகுதியில் 'மறைமுக நீராவி' என்று போட்டேன். கடைசிப் பக்கத்தில் பழுதும் பரிகாரமும் சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. அதில் சோக் என்றிருந்ததை 'அடைப்பு' என்று எழுதினேன். அகராதியைக் கேட்டால் நான்குமே சரி என்றுதான் சொல்லும்.

தேவகோட்டைப் பக்கத்து மில்லில் நடந்தது

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் மில் வைத்திருப்பவர் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு லோடு தேங்காய் இறக்கியிருந்தார். காயை உடைத்துவிட்டால் அன்றைக்கே காய வைக்க ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் சதை வழவழத்துப் போகும். களத்தில் போட வழியில்லை. சிரட்டையை எரித்துச் சூடு கொடுக்கும் சின்ன உலர்த்தி ஒன்று வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பத்திலேயே நெருப்பை ஓங்க விட்டார்.

இரண்டாம் நாள் காலை எடுத்துப் பார்த்தபோது கொப்பரை கல் மாதிரி இருந்தது. நகம் இறங்கவில்லை. மூட்டை கட்டி வைத்துவிட்டு, நான்கு நாள் கழித்து ஒரு சாயங்காலம் துண்டு போட்டு எக்ஸ்பெல்லரில் விட்டார். 100 கிலோவுக்கு 49 கிலோ எண்ணெய்தான் வந்தது. முன்பு காங்கேயத்துக் கொப்பரையில் 60 கிலோ எடுத்தவர். புண்ணாக்கு தகடாக உடையாமல், கொழுக்கட்டை மாவு மாதிரித் தடித்து, தொட்டால் நசுங்கியது. ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் கூண்டின் கம்பி இடுக்குகள் வழியாக எண்ணெயை விட மண்டிதான் அதிகமாகப் பிதுங்கியது.

மறுநாள் காலை என் தமிழ்க் குறிப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். 'புண்ணாக்கு தடித்து, மென்மையாக வந்தால்' என்ற வரிக்கு நேராக இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, கொப்பரையில் ஈரம் அதிகம். அதை அவர் தள்ளிவிட்டார், ஏனென்றால் கொப்பரைதான் கல்லாக இருக்கிறதே. இரண்டாவது, என் வார்த்தையில்: 'அடைப்பைச் சரிசெய்யவும்.'

மில்லில் அடைப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான்: எங்கோ ஏதோ சிக்கி அடைத்திருக்கிறது. அன்றைக்கும் ஐம்பது கிலோ விட்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மாவு நிறைந்திருக்கும்போதே நிறுத்தினார். அடைப்பு எங்கே என்று வாயில் பார்த்தார், முனையில் பார்த்தார், டார்ச் அடித்துக் கம்பி இடுக்கில் பார்த்தார். கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். இல்லாத அடைப்பைத் தேடியதில் உண்மையான அடைப்பு உருவாகிவிட்டது. சூடாக இருக்கும்வரை நகரும் மாவு, ஆறியதும் கூண்டுக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மறுபடி சுவிட்சைப் போட்டபோது பெல்ட் வழுக்கியது, ஸ்டார்ட்டர் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே.

போல்ட்டைக் கழற்றி, கூண்டைப் பிரித்து, ஷாஃப்டில் ஒட்டியிருந்ததை உளி வைத்துச் செதுக்கி எடுக்க அன்றைய பகல் முழுக்கப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மிஷின் ஓட்டுபவர் தரையில் உட்கார்ந்து கம்பிகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எந்த அடைப்பு சார் அது?" என்று மட்டும் கேட்டார்.

சோக் என்பது எக்ஸ்பெல்லரில் புண்ணாக்கு வெளியேறும் முனையில் இருக்கும் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. அங்கே எல்லாரும் கோன் என்கிறார்கள். கோனை இறுக்கினால் இடைவெளி குறையும், உள்ளே அழுத்தம் ஏறும், புண்ணாக்கு மெலிதாக வரும், மோட்டாருக்குச் சுமை கூடும். தளர்த்தினால் நேர்மாறு. அவ்வளவுதான் விஷயம். 'கோனைக் கொஞ்சம் இறுக்கவும்' என்று நான் எழுதியிருந்தால் அவர் மிஷினை நிறுத்தியிருக்க மாட்டார். அந்த வேலை ஓட்டத்திலேயே செய்வது. ஆனால் அதுவும் அன்றைக்கு உதவியிருக்காது. ஈர மாவு உள்ளே வழுக்கும், ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும், அழுத்தம் பிடிக்காது. கோனை இறுக்கியிருந்தால் வேறு வழியில் சிக்கியிருக்கும். ஆகவே அடைப்பு என்ற சொல் மிஷினை நிறுத்தியது; ஆனால் நோய் அதற்கு முன்பே, உலர்த்தியில் தொடங்கியிருந்தது.

கல் மாதிரி இருந்த கொப்பரை

மூட்டையில் மிச்சமிருந்த கொப்பரையை எடுத்து உடைக்கச் சொன்னேன். டப்பென்று உடையவில்லை, வளைந்து, பிறகு கிழிந்தது. உடைந்த இடத்தில் வெளிப்பக்கம் மஞ்சளோடிய கெட்டித் தோல், நடுவில் வெள்ளையாக ஈரம். நான்கு நாள் மூட்டையில் இருந்ததால் உள் ஈரம் மெதுவாக வெளியே வந்து, முதல் நாள் கல்லாக இருந்த தோலும் சற்று நெகிழ்ந்திருந்தது.

ஆரம்பத்திலேயே கடும் சூடு கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மேல் பரப்பு சட்டென்று காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நீர் அந்தத் தோலைத் தாண்டி வெளியேற முடியாது. அதனால்தான் குறிப்பில் முதல் கட்டத்தில் 60 டிகிரி அளவில், 70-ஐத் தாண்டாமல் நிதானமாகச் சூடு கொடுக்கச் சொல்லியிருந்தது. அதற்கு அடுத்த வரிதான் 'மேற்பரப்பு கடினமாதலைத் தவிர்க்கவும்'.

அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "அண்ணே, கொப்பரை கடினமாகணும்னுதானே காய வைக்கிறோம்? கடினமாகக் கூடாதுன்னு எழுதியிருந்தா, ஏதோ அச்சுப் பிழைன்னு விட்டுட்டேன்" என்றார்.

அவரிடம் தவறு இல்லை. கடினம் என்பது கொப்பரை விஷயத்தில் நல்ல குணம். அதைத் தவிர் என்றால் வாசகன் வரியையே சந்தேகிப்பான். அங்கே சொல்ல வேண்டியது, தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நின்றுவிடும் என்பது. 'மேலே காய்ச்சல், உள்ளே பச்சை' என்று அவரே அப்புறம் சொன்னார். இரண்டாம் பதிப்பில் அது அப்படியே போனது.

இதே உரையாடலில்தான் பருப்பு விவகாரமும் வெளிவந்தது. குறிப்பின் முதல் பக்கத்தில், பச்சைத் தேங்காய்ச் சதையில் ஏறக்குறைய பாதி எடை நீர் என்றும், அடுத்த பக்கத்தில் அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் இருந்தது. நான் எழுதியது: 'பருப்பில் 50 சதவீதம் ஈரம் இருக்கும்.' காங்கேயத்து வியாபாரிகளின் பில்லில் கொப்பரைக்கே 'தே.பருப்பு' என்றுதான் போட்டு வருகிறது. கொங்குப் பக்கத்து ஏலங்களிலும் தேங்காய்ப் பருப்பு என்றால் காய்ந்ததுதான். ஆக, காசு கொடுத்து வாங்கும் கொப்பரையில் பாதி தண்ணீர் என்று நான் சொல்வதாக அவர் படித்திருக்கிறார். முதல் பக்கமே இப்படி இருந்தால் அடுத்த பக்கத்தின் 6 சதவீதத்தை யார் நம்புவார்கள்?

எண்ணெய் எங்கே போனது: ஒரு கணக்கு

அவருக்குப் பெரிய மனக்குறை, மிஷின் பதினோரு கிலோ எண்ணெயைத் தின்றுவிட்டது என்பது. அந்தக் கொப்பரையில் கொஞ்சம் எடுத்துப் போய், கல்லூரி ஆய்வகம் ஒன்றில் 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்திப் பார்க்கச் சொன்னோம். ஈரம் ஏறக்குறைய 12 சதவீதம்.

அதை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் 88 கிலோதான் சரக்கு. அதே சரக்கு 6 சதவீத ஈரத்தில் இருந்திருந்தால் தராசில் 93.6 கிலோ நின்றிருக்கும் (88-ஐ 0.94-ஆல் வகுத்தால் வருவது). அதாவது அவர் 100 கிலோ கொப்பரை என்று நினைத்து ஆட்டியதில் ஆறு கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். 100-க்கு 60 என்ற அவருடைய பழைய கணக்கில் 93.6 கிலோவுக்கு 56 கிலோ எண்ணெய் வந்திருக்க வேண்டும். வந்தது 49. ஆக நான்கு கிலோ எண்ணெய் முதலிலேயே இல்லாதது. மிச்சம் ஏழு கிலோதான் பிழிபடாமல் புண்ணாக்கிலும் மண்டியிலும் போனது.

இந்தக் கணக்கு அவரைச் சமாதானப்படுத்தியதோ இல்லையோ, ஈரத்தைத் தண்ணீராகவே, கிலோவாகவே பார்க்க வைத்தது. சதவீதம் என்று சொன்னபோது அவர் முகத்தில் இல்லாத கவனம், கிலோ என்றதும் வந்துவிட்டது.

அந்த மூட்டைகளைக் கொட்டிப் பிரித்தோம். பெரும்பாலானதை மிதமான சூட்டில் மறுபடி உலர்த்தினார். மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம் பிடித்திருந்த இரண்டு கூடை கொப்பரையை ஒதுக்கச் சொன்னேன். வெயிலில் போட்டுத் துடைத்துவிடலாம் என்றார். அந்த நிறப் பூசணம் விடும் நஞ்சு வெயிலில் போகாது, புண்ணாக்கு வழியாக மாட்டுக்கும் அங்கிருந்து பாலுக்கும் போகும் என்று சொல்லிக் குழியில் போட வைத்தோம். மனசே இல்லாமல்தான் போட்டார்.

ஆச்சியின் நோட்டு

இரண்டாவது மில் பள்ளத்தூர்ப் பக்கம். நடத்துவது ஓர் ஆச்சி. அங்கே விபத்து எதுவும் இல்லை, ஆனால் ஆச்சி என் மேல் கோபமாக இருந்தார். "தம்பி, ரெண்டாம் பக்கத்துல ஈரப்பதம் ஆறுங்கறீங்க, ஆறாம் பக்கத்துல மூணுங்கறீங்க. எது நெசம்?"

இரண்டுமே நிஜம். மூட்டை கட்டி வைக்கும் கொப்பரைக்கு 6. எக்ஸ்பெல்லருக்குள் போகும் நேரத்தில் துண்டுகளுக்கு 3 அளவில். நடுவில் உள்ளதைக் குறைப்பது கெட்டில், வெயில் இல்லை. ஆங்கிலக் குறிப்பில் அவை இரண்டு தனித்தனி இயல்களில் இருந்ததால், படிக்கும் இன்ஜினியருக்குக் குழப்பம் வராது. நான் இரண்டு இடத்திலும் 'கொப்பரையின் ஈரப்பதம்' என்றே எழுதி வைத்திருந்தேன்.

ஆச்சி என்ன செய்தார் என்றால், மூன்றைப் பிடிப்பதற்காக மொட்டை மாடியில் கூடுதலாக நான்கு நாள் காயப் போட்டிருக்கிறார். அதில் கிடைத்ததுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பெரிய லாபம். ஒரு தட்டில் சரியாக 10 கிலோ பச்சைத் தேங்காய்ச் சதையை எடுத்து வைத்து, தினமும் சாயங்காலம் அந்தத் தட்டை மட்டும் எடை போட்டு நோட்டில் எழுதியிருந்தார். ஆறாம் நாள் 5.6 கிலோவில் வந்து நின்றது. அதற்கப்புறம் நான்கு நாளும் 5.6-தான். ஒரு நாள், இரவுப் பனிக்குப் பிறகு மூடாக்கு போட்ட நாளில், சற்று ஏறிக்கூட இருந்தது. காற்றில் ஈரம் இருக்கும்வரை கொப்பரை அதை வாங்கிக்கொள்ளும். வெறும் வெயிலில் மூன்று வராது என்பதை அந்த நோட்டு என்னை விட நன்றாகச் சொல்லியது.

இன்னொன்று. ஆச்சியிடம் பேபி பாய்லரும் கெட்டிலும் இருந்தன. கடலைக்குச் செய்வது போலவே கொப்பரைத் துண்டுகள் மேல் நேராக ஆவி விட்டுக்கொண்டிருந்தார். கடலையில் ஈரம் குறைந்தால் அப்படிச் சேர்ப்பது வழக்கம். கொப்பரைக்கு வேண்டியது சூடு, ஈரம் அல்ல. ஆவி கெட்டிலின் இரட்டைச் சுவருக்குள் சுற்ற வேண்டும், துண்டுகளைத் தொடக்கூடாது. 'மறைமுக நீராவி' என்று எழுதியிருந்தேனே ஆச்சி என்றேன். "மறைமுகம்னா வரிதான் தெரியும்" என்றார். பத்து நாள் வெயிலில் காய வைத்த கொப்பரைக்குக் கெட்டிலில் மறுபடி தண்ணீர் காட்டியிருக்கிறார், பாவம்.

இரண்டாம் தமிழாக்கத்தில் எடுத்த முடிவுகள்

முதலில் வியாபாரியிடம் போய் உட்கார்ந்தேன். கம்பெனி சொன்னதை மட்டும் எழுதினால் போதாது, கம்பெனி சொன்னது என்ன என்பதே மில்லில் வேறாகப் புரிகிறது என்று செதுக்கி எடுத்த மாவுக் கட்டி ஒன்றைக் காட்டிச் சொன்னேன். ஒரு சமரசத்துக்கு வந்தோம். கம்பெனியின் வரிகள் ஒரு பக்கம் இருக்கும். அந்தந்த இடத்தில் கட்டம் போட்டு 'மில் குறிப்பு' என்ற தலைப்பில் அடையாளங்களும் கணக்கும் இருக்கும். கட்டத்துக்குள் இருப்பதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று முதல் பக்கத்தில் ஒரு வரி. வாரண்டிக் கவலை தீர்ந்தது.

சொற்களில் ஒரு கண்டிப்பு வைத்துக்கொண்டேன். பருப்பு என்ற சொல் குறிப்பில் எங்கும் வராது. காயாதது பச்சைத் தேங்காய், காய்ந்தது கொப்பரை, வெட்டிய பிறகு துண்டு, கெட்டிலைத் தாண்டிய பிறகு சூட்டுத் துண்டு. பெயர் மாறினால் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதும், எந்த ஈர அளவு எதற்கு என்பதும் தானாகப் புரிந்துவிடுகிறது. கோன், ஷாஃப்ட், வார்ம், கெட்டில் எல்லாம் அப்படியே. இவற்றுக்குத் தமிழ்ச் சொல் உண்டாக்குவது என் வேலை இல்லை என்று முடிவு செய்தேன். தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டார். கூண்டைப் பிரித்த அன்றைக்கு அவரும் வந்திருந்தால் வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

ஈர அளவு வந்த ஒவ்வொரு இடத்திலும் கையாலும் கண்ணாலும் தெரியும் அடையாளம் ஒன்றைச் சேர்த்தேன். 6 சதவீதத்துக்கு வந்த கொப்பரை டப்பென்று உடையும், வளையாது. உடைந்த முகம் முழுக்க ஒரே நிறமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு மூட்டையைக் கட்டி ஓர் இரவு வைக்க வேண்டும். காலையில் கொப்பரை நெகிழ்ந்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மேலே காய்ச்சல் உள்ளே பச்சை என்ற குறையை இது ஒன்றுதான் சுலபமாகக் காட்டிக் கொடுக்கிறது.

ஆச்சியின் தட்டு முறையையும் சேர்த்தேன், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. பச்சைத் தேங்காயில் சரியாகப் பாதி நீர் என்று எடுத்துக்கொண்டால், 10 கிலோ 5.3 கிலோவுக்கு இறங்கும்போது ஈரம் 6 சதவீதம். ஆனால் நன்றாக முற்றிய காயில் நீர் குறைவு. அது 45 சதவீதம் என்றால் 5.85 கிலோவிலேயே 6 வந்துவிடும். ஆச்சியின் 5.6 நடுவில் விழுந்தது. அதனால் இத்தனை கிலோ வந்தால் நிறுத்து என்று எழுதவில்லை. தட்டின் எடை இரண்டு நாள் தொடர்ந்து இறங்காமல் நின்று, உடைத்துப் பார்த்தாலும் சரியாக இருந்தால் நிறுத்து என்று எழுதினேன். எடை நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பினால் தோல் கட்டிய கொப்பரை ஏமாற்றிவிடும். அதிலும் எடை இறங்காமல்தான் நிற்கும்.

கடைசிப் பக்க அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பினேன். முன்பு காரணமும் பரிகாரமும் மட்டும் இருந்தன. இப்போது ஒவ்வொரு வரியிலும் முதல் வார்த்தை, மிஷினை ஓடவிட்டுச் செய்வதா, நிறுத்திச் செய்வதா என்பது. நிறுத்துவதென்றால் எப்படி என்பதும் இருக்கிறது: வாயில் போடுவதை நிறுத்தி, கோனைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் மாவு முழுக்க வெளியேறிய பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். தடித்து மென்மையாக வரும் புண்ணாக்கும், தூளாக உதிர்ந்து கருகல் வாடையோடு வரும் புண்ணாக்கும் எதிரெதிர் நோய்கள் என்பதால் அவற்றை அடுத்தடுத்து வைத்தேன். முன்னதற்கு ஈரம் காரணம், பின்னதற்கு மிதமிஞ்சிய காய்ச்சலும் இறுக்கமும்.

அச்சுக்குப் போகும் முன் மூன்று மில்லிலும் உட்கார்ந்து படித்தோம். புரிகிறதா என்று கேட்கவில்லை, ஏனென்றால் என் முகத்துக்காகப் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு வரியைப் படித்துவிட்டு, இப்போது எதைத் தொடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். மிஷின் ஓட்டுபவர் கை போகும் இடத்தைப் பார்த்து வரியைத் திருத்தினேன். 'வெளியேற்று முனை' என்று படித்தபோது ஒருவர் கை எண்ணெய் வடியும் தட்டுக்குப் போனது. புண்ணாக்கு விழும் வாய் என்று மாற்றியதும் சரியான இடத்துக்குப் போனது.

பின்னால் நடந்தது

தை பிறந்து வெயில் திரும்பியதும் தேவகோட்டை மில்லில் அடுத்த லோடு ஓடியது. களத்தில் காய வைத்து, மூட்டைச் சோதனை பார்த்து, உடைத்தும் பார்த்து ஆட்டினார். 100 கிலோவுக்கு 59-இலிருந்து 60 வரை எண்ணெய். புண்ணாக்கு தகடாக உடைந்தது. உலர்த்தியை அவர் மறுபடி தொடவில்லை. மழைக்காலத்தில் காங்கேயத்துக் கொப்பரைதான் என்று முடிவு செய்துவிட்டார். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சிரட்டை எரித்து, புகை கொப்பரையில் படாமல் உலர்த்தும் அமைப்புகளை உருவாக்கியிருக்கிறது, அதைப் பாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்க்கவில்லை.

ஆச்சி நேராக ஆவி விடுவதை நிறுத்திவிட்டார். வெயிலும் ஆறே நாள்தான். மூன்றாவது மில்லில் கெட்டிலே கிடையாது. துண்டுகளை இரண்டு முறை மிஷினில் விட்டு, முதல் ஓட்டத்தின் சூட்டிலேயே சமாளிக்கிறார்கள். கம்பெனிக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆகவே என் தமிழிலும் இல்லை. அவர்களுக்கு ஆறாம் பக்கம் பயன்படவே இல்லை.

படம் போட்டு லேமினேட் செய்த அட்டை ஒன்றும் கொடுத்திருந்தேன். அது தோற்றுப்போனது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஒரே மாதத்தில் எண்ணெயும் தூசியும் ஏறி எழுத்தே தெரியவில்லை.

மறுபடி செய்தால்

முதல் வரியை எழுதும் முன் மில்லில் ஒரு முழு ஓட்டம், காய் உடைப்பதிலிருந்து மண்டி அள்ளுவது வரை, நின்று பார்ப்பேன். நான்கு நாளில் முடித்த வேலைக்கு அப்புறம் ஐந்து வாரம் ஆனது. அதில் இரண்டு நாளை முதலிலேயே செலவழித்திருக்கலாம்.

கேட்டு வாங்காமல் விட்ட இன்னொன்று, கெட்டில் உண்டா, பாய்லர் உண்டா, மிஷினில் ஆம்ப் மீட்டர் இருக்கிறதா என்ற விவரம். குறிப்பில் கோனை இறுக்கும் அளவு முழுக்க மோட்டார் இழுக்கும் ஆம்பியரை வைத்துத்தான் சொல்லியிருக்கிறது. மூன்று மில்லில் ஒன்றில்தான் மீட்டர் வேலை செய்கிறது. மற்ற இரண்டிலும் மோட்டார் சத்தத்தையும் புண்ணாக்கின் கனத்தையும் வைத்து இறுக்குகிறார்கள். அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை; அந்தக் கட்டத்தில் புண்ணாக்கின் கனத்தை மட்டும் எழுதி விட்டிருக்கிறேன்.

போன வாரம் தேவகோட்டை மில்லுக்குப் போனபோது என் குறிப்பின் பிரதி பெஞ்சின் மேல் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் 'கோனைத் தளர்த்தவும்' என்றிருந்ததை மிஷின் ஓட்டுபவர் பென்சிலால் அடித்து, மேலே 'கோனை லூஸ் பண்ணு, அரைச் சுத்து' என்று எழுதி வைத்திருந்தார். எவ்வளவு தளர்த்துவது என்று கம்பெனியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அரைச் சுத்து மற்ற இரண்டு மிஷினுக்கும் பொருந்துகிறதா என்று கேட்டுவிட்டு, கட்டத்துக்குள் சேர்க்க வேண்டும்.